முதலாளிகளை எண்ணுங்கள்

மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, என்னோடு பொறியியல் படித்த நண்பன் தீர்ப்பு சொன்னான்: "கவர்மெண்ட் கூலிய ஏத்துச்சுன்னா ஆளக் குறைப்பாய்ங்க மாப்ள. சிம்பிள் எக்கனாமிக்ஸ்." அவன் இணையத்தில் பொருளாதாரப் பாடம் பார்த்தவன். முதல் பாடத்தோடு நிறுத்திவிட்டவன். எங்கள் ஐ.டி. வட்டாரத்தில் இந்த முதல் பாடத்து ஞானிகள் நிறைய.

அவன் சொன்னது பொய்யில்லை. நாங்கள் நின்ற இடத்தில் அது பெரும்பாலும் உண்மை. மாட்டுத்தாவணியைச் சுற்றி எத்தனை சாப்பாட்டுக் கடைகள், லாட்ஜுகள், பூக்கடைகள், காய்கறி மண்டிகள்! பரோட்டா மாஸ்டருக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்துப் பாருங்கள், மறுநாள் நாலு கடை தள்ளி மாவு பிசைந்துகொண்டிருப்பார். ஆகவே அவருடைய உழைப்பு கடைக்கு எவ்வளவு சம்பாதித்துத் தருகிறதோ, கூலியும் அதை ஒட்டியே நிற்கும். இங்கே தினக்கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சட்டம் அதை 700 ஆக்கினால், நாளுக்கு 620 ரூபாய்க்கு வேலை செய்து தரும் கடைசி ஆளை முதலாளி நிறுத்துவார், அல்லது பரோட்டா விலையை ஏற்றுவார். ஒப்புக்கொள்கிறேன்.

என் சண்டை வேறு. மாட்டுத்தாவணிக்குச் சொன்ன விதியை, இங்கிருந்து வண்டியில் இரண்டு மணி நேரம் தள்ளி, திண்டுக்கல், விருதுநகர் பக்கத்து வானம் பார்த்த பூமியில் நிற்கும் நூற்பாலைக்கும் சொல்கிறார்களே, அதனோடுதான்.

அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்திக்கு என்ன வேலை இருக்கிறது? ஊருக்குள் வேன் அனுப்பும் மில் ஒன்று. இன்னொரு மில் இருந்தாலும் அதன் வேன் இந்த ஊருக்கு வராது, அல்லது வீட்டில் விடமாட்டார்கள். 2000களில் 'சுமங்கலித் திட்டம்' என்று பேர்பெற்ற ஏற்பாடு இதை முழுமையாக்கியது. விடுதியில் தங்க வேண்டும், மூன்று வருடம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை, நடுவில் விலகினால் அது பெரும்பாலும் கைக்கு வராது. சீர் சேர்க்கும் திட்டம் மாதிரி விளம்பரம் செய்தார்கள். வேலை மாறும் உரிமையை விலைக்கு வாங்கிக்கொண்டார்கள் என்பதே சரி. ஜோன் ராபின்சன் 1933இல் எழுதிய புத்தகத்தில் இப்படி உழைப்பை வாங்க ஒருவரே இருக்கும் சந்தைக்கு 'மோனாப்சனி' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

கணக்காகவே பார்ப்போம். எண்கள் என் கற்பனை, தர்க்கம் அல்ல. ஒரு மில் 300 ரூபாய் கூலி சொன்னால் 40 பெண்கள் வருகிறார்கள். 350 என்றால் 50 பேர். 400 என்றால் 60 பேர். முதல் 40 பேரில் ஒவ்வொருவரின் ஒரு நாள் உழைப்பும் மில்லுக்கு 520 ரூபாய் தருகிறது. அடுத்த பத்துப் பேர் தலைக்கு 500, அதற்கடுத்த பத்துப் பேர் 470.

350 ரூபாய்க்கு வரும் பெண் 500 ரூபாய்க்கு வேலை செய்து தருகிறாள். மில் ஏன் எடுக்கவில்லை? புதியவர்களுக்கு 350 கொடுத்தால் பழைய 40 பேருக்கும் கொடுத்தாக வேண்டும். இன்றைய மொத்தக் கூலி 12,000. ஐம்பது பேருக்கு 17,500. கூடுதல் செலவு 5,500, அதாவது புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் 550 ரூபாய். வரவு 500தான். முதலாளி 40 பேரோடு நிறுத்திக்கொள்கிறார். அவர் கெட்டவர் என்பதற்காக இல்லை, கணக்குத் தெரிந்தவர் என்பதற்காக.

இப்போது குறைந்தபட்சக் கூலி 400 என்று சட்டம் வருகிறது. பழையவர்களுக்கு எப்படியும் 400 கொடுத்தாக வேண்டும். ஆகவே புதிய ஆளின் செலவு வெறும் 400தான், 550 அல்ல. வரவோ 470. அறுபது பேரையும் எடுப்பார். கூலி ஏறியது, வேலையும் ஏறியது. என் நண்பனின் முதல் பாடத்தில் இந்த வரி கிடையாது.

இதற்கு எல்லை உண்டு. சட்டம் 480 என்று சொன்னால் 50 பேர்தான் நிற்பார்கள். 530 என்றால் யாருமே இல்லை, மில் பூட்டு. கூலி உயர்வால் வேலையே போகாது என்று மேடையில் முழங்கும் தோழர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

குறைந்தபட்ச ஊதியத்தை எதிர்த்தவர்களில் பெரிய தலை, ஜார்ஜ் ஸ்டிக்லர், 1946 கட்டுரையிலேயே இதை ஒப்புக்கொண்டுவிட்டார். கூலியை முதலாளியே தீர்மானிக்க முடிகிற இடத்தில், சரியான அளவில் வைத்த குறைந்தபட்ச ஊதியம் கூலியையும் வேலையையும் சேர்த்தே உயர்த்தக்கூடும் என்றார். ஆனால் அந்த அளவு தொழிலுக்குத் தொழில், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பொதுச் சட்டத்தால் அதைப் பிடிக்க முடியாது என்று கதவைச் சாத்தினார். என் கணக்கைத் திரும்பப் பாருங்கள். 300க்கு மேல் 510 வரை எந்த எண்ணை வைத்தாலும், ஏற்கெனவே வேலையில் இருக்கிற 40 பேரில் ஒருவருக்கும் வேலை போகாது. ஊசிமுனையில் நிற்கச் சொல்லவில்லை. இது திண்ணை அகலம்.

ஒரு ஊரில் எந்தச் சந்தை நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'ஆள் கிடைக்கல' என்று முதலாளி சொல்லும்போது அடுத்து என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். மாட்டுத்தாவணி ஓட்டல்காரர் கூலியை ஏற்றுவார். நூற்பாலைக்காரர் ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுத்து ஒடிசாவுக்கும் பீகாருக்கும் அனுப்புவார். கமிஷன், ரயில் டிக்கெட், விடுதி எல்லாம் சேர்த்தால் கிராமத்துப் பெண்ணுக்குத் தர மறுத்த உயர்வைவிட அதிகமாகக்கூட வரலாம். ஆனால் அது புதிதாக வருபவருக்கு மட்டுமான செலவு, பழையவர்கள் கேட்க முடியாது. தீராத ஆள் பஞ்சமும் ஏறாத கூலியும் ஒரே இடத்தில் இருந்தால் அங்கே போட்டி இல்லை என்று அர்த்தம்.

இது வெறும் காகிதக் கணக்கு என்பவர்களுக்கு ஆந்திராவைக் காட்டுவேன். நூறு நாள் வேலைக்கான கூலி ஒழுங்காகக் கைக்குப் போய்ச் சேர, அங்கே ஸ்மார்ட்கார்டு கொண்டுவந்தார்கள். எந்த மண்டலத்துக்கு முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் விளைவை அளந்தார்கள். பயனாளிக் குடும்பங்களின் வருமானம் 14 சதவீதம் ஏறியது. அந்த உயர்வில் 86 சதவீதம் திட்டத்திலிருந்து வரவில்லை, வெளி வேலையிலிருந்து வந்தது. தனியார் கூலி ஏறியது, தனியார் வேலையும் கூடியது. நிலம் சிலர் கையில் குவிந்திருந்த கிராமங்களில் வேலை இன்னும் அதிகமாகக் கூடியது. இது குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இல்லைதான். ஆனால் 'இதற்குக் கீழே வரமாட்டேன்' என்று சொல்ல ஒரு தரையைக் கொடுத்தது. சட்டம் செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

நம் சட்டம் அதைச் செய்கிறதா? தமிழ்நாட்டில் பல தொழில்களுக்கு மண்டலம் பிரித்துக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கிறார்கள். மாநகராட்சிக்கு அதிகம், சின்ன ஊருக்குக் குறைவு. கிராமத்தில் வாடகை, விலைவாசி குறைவு என்பது காரணம். நியாயமான காரணமே. ஆனால் நூறு முதலாளிகள் போட்டி போடும் இடத்தில் தரையை உயர்த்தி, ஒரே முதலாளி இருக்கும் இடத்தில் தாழ்த்தி வைப்பதாக அது முடிகிறது. யாருக்குச் சட்டத்தை விட்டால் வேறு துணை இல்லையோ அவளுக்குச் சட்டம் குறைத்துக் கொடுக்கிறது. ஊதியத்தைப் பரிந்துரைக்கும் குழுவின் மேசையில் விலைவாசிக் குறியீடு இருக்கும். அந்த ஊரில் வேலை கொடுப்பவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் அதே மேசையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

"அப்ப இங்க மாட்டுத்தாவணில ஏத்த வேணாங்கிறியா?" என்றான் நண்பன். இங்கே பார்த்து ஏற்று, அங்கே முதலில் ஏற்று என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு, கடையில் தொங்கிய 'ஆட்கள் தேவை' அட்டையைக் காட்டி, "இவன்கிட்ட என்ன கூலின்னு கேப்பமா?" என்றான். கேட்டோம். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பக்கத்துல எவ்வளவு தர்றாய்ங்கன்னு சொல்லுங்க, பேசிக்கலாம்."