கம்பிகளின் நடுவே ஒரு டேப்

ஆசிரியருக்கு,

பழைய குழந்தைக் கட்டிலைப் படம் பார்த்து வாங்குவது பற்றிய உங்கள் கட்டுரையின் எச்சரிக்கை மிகச் சரி. என் பேத்திக்காகப் பார்த்த கட்டிலின் படமொன்றில் பக்கக் கம்பிகள் அகலமாகத் தெரிந்தன. இஞ்சு டேப்பை நடுவில் பிடித்துப் படமெடுத்து அனுப்ப விற்பவரிடம் சொன்னேன். 9 செ.மீ.! இடைவெளி 6 செ.மீ.யைத் தாண்டினால் குழந்தையின் உடல் நழுவி வெளியே வந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும்.

ஒரு பக்கத் தடுப்பின் இரு ஓரங்களிலும் உலோகத் தண்டு ஓடியது. அப்படியென்றால் அது ஏறி இறங்கும் தடுப்பு. கொக்கி தேய்ந்தால் தடுப்பு விலகி, மெத்தைக்கும் அதற்கும் நடுவே குழந்தை சிக்கும். அமெரிக்காவில் 2011 முதல் இவ்வகைக் கட்டிலை விற்கவே கூடாது. நாங்கள் வாங்கவில்லை.

உங்கள் வரி விளம்பரப் பகுதியில் குழந்தைக் கட்டிலை விற்பவர்கள், கம்பி இடைவெளியையும் தடுப்பு இறங்குமா என்பதையும் குறிப்பிட வேண்டுமென விதி வையுங்கள்.

– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு