பட்டப்பகலில் இருட்டு!

ரத்தக் கொதிப்புக்காகப் பல வருஷங்களாக மாத்திரை சாப்பிட்டு வரும் 45 வயதுப் பெண்மணி ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். "உடம்புதான் நன்றாக இருக்கிறதே!" என்று மூன்று வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டாள். முந்தாநாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி, நேற்று வாந்தி. இன்று காலை காப்பியில் உப்பைப் போட்டாள். மகளின் பெயரைக் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறாள். மத்தியானம், "ஏண்டி விளக்கை அணைத்துவிட்டாய்?" என்கிறாள். வெளியே நல்ல வெயில்! சற்றைக்கெல்லாம் கைகால் வெட்டி இழுக்க, வலிப்பும் வந்துவிடுகிறது.

அந்த நேரத்தில் நம் வீடுகளில் இரும்புச் சாவியைத் தேடி ஓடுவார்கள். சாவியால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அங்கே பிரஷர் 230க்கு 140 என்று காட்டுகிறது. கண்ணின் உட்புறத்திலும் வீக்கமோ ரத்தக் கசிவோ இருக்கலாம். ஆனால் பார்வையை மறைத்தது பெரும்பாலும் மூளைதான். எப்படி என்கிறீர்களா? அழுத்தம் ஏறினால் மூளையின் ரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கி, உள்ளே போகும் ரத்தத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். எல்லை மீறி ஏறினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். நீர் கசிந்து மூளை வீங்கும். இந்த வீக்கம் அதிகமாக வருவது மூளையின் பின்பக்கத்தில். பார்வைக்கான இடமும் அதுவே! 1928-ல் ஆப்பன்ஹைமர், ஃபிஷ்பெர்க் என்ற இரு டாக்டர்கள் இதற்கு 'ஹைபர்டென்ஸிவ் என்ஸெபலோபதி' என்று பெயர் சூட்டினார்கள்.

முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். மூளையில் ரத்தம் கொட்டியிருந்தாலோ, அடைப்பு இருந்தாலோ வைத்தியத்தின் போக்கே வேறு. அவை இல்லையென்றால் பிரஷரை இறக்க வேண்டியதுதான். ஆனால், "ஒரேயடியாக 120-க்குக் கொண்டு வரக் கூடாதா?" என்று கேட்டுவிடாதீர்கள். உயர்ந்த அழுத்தத்துக்கே பழகிவிட்ட குழாய்கள் அவை. திடீரென்று இறக்கினால் மூளைக்கு ரத்தம் போதாமல் பக்கவாதமே வந்துவிடும். முதல் ஒரு மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல் குறைப்பதில்லை. இவளுக்கு 175க்கு 105 போதும். மிச்சத்தை அடுத்த ஓரிரு நாட்களில் மெல்ல இறக்குவார்கள்.

அதற்காகத்தான் லாபெட்டலால், நிகார்டிபின் போன்ற மருந்துகளை ரத்தக் குழாய் வழியே செலுத்துகிறார்கள். நிமிஷத்துக்கு நிமிஷம் கூட்டலாம், குறைக்கலாம். நாக்கினடியில் நிஃபெடிபின் காப்ஸ்யூலைப் பிழிந்து விடும் வழக்கம் இருந்ததே, அது ஆபத்து; எவ்வளவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, இறங்கிய பின் திரும்பப் பெறவும் முடியாது. வலிப்புக்குத் தனி ஊசி உண்டு.

பிரஷர் இறங்க இறங்க, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ புத்தி தெளிகிறது. பெரும்பாலோருக்குப் பார்வையும் திரும்புகிறது. அப்படித் தெளியவில்லையானால், நோய் வேறு ஏதோ என்று டாக்டர் மறுபடி தேட ஆரம்பிப்பார்.