ஊர் தாண்டினதும் காஞ்சிபுரம்

போன வருஷம் எங்க ஊர்ச் சேலையைப் பற்றி மூவாயிரம் சொற்களில் ஒரு கட்டுரை எழுதினேன். ஊர் இளம்பிள்ளை, பேச்சில் எலம்பிள்ளை. சேலத்துக்கு மேற்கே, தறிச் சத்தம் ஓயாத ஊர். கட்டுரை வெளியான மறுநாள், அதைப் பகிர்ந்த ஒரு பக்கத்தில் இப்படி ஒரு கேப்ஷன்: “காஞ்சிப் பட்டுன்னு நினைச்சு எலம்பிள்ளை சேலை வாங்கி ஏமாந்தவங்க கை தூக்குங்க!”

அன்று சாயங்காலம் மாமா போன் பண்ணினார். எட்டு விசைத்தறி வைத்திருப்பவர். “ஏன் மாப்ள, நம்ம சோத்துல நீயே மண்ணப் போடலாமா?” என்றார். கட்டுரையை அவர் படிக்கவில்லை. படித்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேப்ஷன் என் பெயரில்தானே இருந்தது?

கேட்டால் “அது ஹூக்குங்க, உள்ள வந்து படிப்பாங்க” என்கிறார்கள். இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை. பெரும்பாலானோர் உள்ளே வருவதில்லை, அவர்களைப் பொறுத்தவரை அந்த இரண்டு வரிதான் கட்டுரை. 2016இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிரான்ஸின் இன்ரியா நிறுவனத்தாரும் சேர்ந்து ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 59 சதவீத இணைப்புகளை யாருமே கிளிக் செய்யவில்லை என்பது கண்டுபிடிப்பு. அந்த ஆய்வுக்கே என்ன ஆச்சு தெரியுமா? “பத்துப் பேரில் ஆறு பேர் படிக்காமலே பகிர்கிறார்கள்” என்று ஊரெல்லாம் சுருக்கிப் பகிர்ந்தார்கள். ஆய்வு எண்ணியது இணைப்புகளை, ஆட்களை அல்ல. நூறு இணைப்பில் 59 கிளிக் இல்லாமல் கிடப்பது வேறு; நூறு பேரில் 59 பேர் படிக்காமல் பகிர்வது வேறு. வாக்கியத்தின் எழுவாயை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்கு நடந்ததும் அதேதான். கட்டுரை சொன்னது இது: எலம்பிள்ளையில் செயற்கைப் பட்டிலும் பாலியஸ்டரிலும் விசைத்தறியில் ஓடும் சேலை, ஊரில் அந்தப் பேரிலேயே ஆயிரம் ரூபாய்க்குள் விற்கிறது. அது கைமாறிக் கைமாறிப் போகும்போது எங்கேயோ ஒரு இடத்தில் காஞ்சிபுரம் என்று சீட்டு ஏறுகிறது, விலையும் ஏறுகிறது. ஏமாற்று நடப்பது அந்தச் சீட்டில். கேப்ஷனிலோ சீட்டு காணோம், ஒட்டியவர் காணோம். ஊர் பேர் மட்டும் மிச்சம். தொனியும் திரும்பிவிட்டது. என் கோபம் வியாபாரத்தின் மேல். கேப்ஷனின் நக்கல் தறிக்காரர் மேல்.

கோபத்தில் நானே உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். முதலில் கட்டுரையில் ஒவ்வொரு பத்தியாக மனசுக்குள் எடுத்துப் பார்த்தேன். பர்னர் சோதனை போச்சு (நூலை எரித்தால் அசல் பட்டு முடி கருகும் வாசனையோடு பொடியாகும், பாலியஸ்டர் உருகிக் குண்டுமணியாக இறுகும், நல்ல பத்திதான்). தாத்தாவின் குழித்தறி போச்சு. கட்டுரை நிற்கிறது. ஒன்பதாவது பத்தியில், சீட்டு எங்கே ஏறுகிறது என்ற இடத்தை எடுத்ததும் மொத்தமும் சரிந்தது. கேப்ஷனுக்கு வேண்டியது அந்தப் பத்தி. முதல் பத்தியைச் சுருக்கிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நீண்ட கட்டுரையின் முதல் பத்தி வாசல் மட்டும்தான்.

அடுத்தது இடம். இன்ஸ்டாகிராமில் கேப்ஷனுக்கு 2,200 குறிகள் உண்டு. ஆனால் மடிப்புக்கு மேலே தெரிவது ஏறத்தாழ முதல் 125. அதில் தமிழுக்கு ஒரு தனிக் கஷ்டம்:

```python
>>> len("பட்டு")
5
```

நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. புள்ளியும் கொக்கியும் தனித்தனிக் குறி. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் 125இல் நமக்குக் கிடைப்பது சுமார் எண்பது எழுத்து என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

முதல் வரைவு: “எலம்பிள்ளைச் சேலை போலி இல்லை. அதன் மேல் ஒட்டிய சீட்டுதான் போலி.” 63 குறிகள். கச்சிதம் என்று எனக்கே ஒரு பெருமை. ராத்திரி தூங்கி எழுந்து பார்த்தால் உறுத்தியது. வேகமாக விரலால் தள்ளிக்கொண்டு போகிறவன் கண்ணில் “எலம்பிள்ளை”யும் “போலி”யும் பக்கத்தில் பக்கத்தில் பதியும், “இல்லை” நழுவிவிடும். மறுக்க வேண்டிய பழியை நானே முதல் வரியில் ஊருக்குச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது: “எலம்பிள்ளையில செயற்கைப் பட்டுன்னு சொல்லி விக்கிற சேலை, ஊர் தாண்டினதும் காஞ்சிபுரம் ஆகுது. பேரை மாத்துறவங்க தறிக்காரங்க இல்ல.” பழி போய் நடப்பது வந்துவிட்டது, பேச்சு நடையும் கட்டுரையோடு ஒட்டியது. ஆனால் கடைசி வாக்கியம் பொய். நான் பேசிய ஏழு தறிக்காரர்களில் ஒருவர், “கடைக்காரர் கேட்டா அந்தச் சீட்டையும் வெச்சே அனுப்பிருவோங்க, என்ன பண்றது” என்று ஒத்துக்கொண்டார். கட்டுரையில் அவருக்கு ஒரு முழுப் பத்தி இருக்கிறது. மாமா மனசு குளிர வேண்டும் என்பதற்காகக் கேப்ஷனில் அவரை விழுங்கினால், ஹூக் போட்டவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் லைக்குக்காகச் செய்தார், நான் சொந்தத்துக்காகச் செய்கிறேன்.

மூன்றாவதில் ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றினேன். இப்படி நின்றது:

“எலம்பிள்ளையில செயற்கைப் பட்டுன்னு சொல்லி விக்கிற சேலை, ஊர் தாண்டினதும் காஞ்சிபுரம் ஆகுது. பேரை மாத்துறது வியாபாரம்.”

115 குறிகள். மடிப்புக்குக் கீழே இன்னும் இரண்டு வரி: “ஏழு தறிக்காரங்ககிட்ட பேசினேன். ஒருத்தர், கடை கேட்டா அந்தச் சீட்டையும் வெச்சு அனுப்புறேன்னு ஒத்துக்கிட்டார். ஏன்னு கட்டுரையில இருக்கு.”

“ஏன்னு கட்டுரையில இருக்கு” என்பது மட்டும் ஹூக் இல்லையா என்று கேட்கலாம். இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே போகாதவருக்கும் தப்பான சேதி போய்ச் சேராது. நான் பிடித்துக்கொண்ட சோதனை இதுதான்: கேப்ஷனை மட்டும் படித்த ஒருவரிடம் “கட்டுரை யாரைக் குறை சொல்லுது?” என்று கேட்க வேண்டும். அலுவலகத்தில் மூன்று பேரிடம் கேட்டேன். பழையதற்கு மூவரும் “உங்க ஊரை” என்றார்கள். புதியதற்கு இரண்டு பேர் “விக்கிறவங்கள” என்றார்கள். ஒருத்தி மட்டும் “வாங்குறவங்களத்தான, பேரப் பாத்து வாங்குறாங்கல்ல?” என்றாள். அது என் கட்டுரையில் இல்லாத விஷயம். இருந்திருக்க வேண்டிய விஷயம்.

எல்லாக் கட்டுரைக்கும் இது நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தரப்பையும் சமமாக வைத்துத் தீர்ப்பில்லாமல் முடியும் கட்டுரையை இரண்டு வரியாக்கினால் ஏதாவது ஒரு தரப்பு செத்துப்போகும். அங்கே தலைப்பையும் எழுதியவர் பெயரையும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். யாரும் சும்மா இருப்பதில்லை.

அந்தப் பக்கத்துக்குப் புதிய வரிகளை அனுப்பினேன். “ரீச் வராது ப்ரோ” என்று பதில் வந்தது, பழையது அப்படியே இருக்கிறது. மாமாவுக்கும் அனுப்பினேன். நீலக்குறி வந்து ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். கேப்ஷனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“அந்தச் சீட்டு வெக்கிறவன் யாரு மாப்ள, தெக்கால வீதிக்காரனா?” என்று மட்டும் கேட்டார்.