‘நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்!’

கருவுற்ற பெண் ஊழியரைப் பணியிலிருந்து நீக்கும் ஆணையை எந்த நிறுவனமும் இப்போது எளிதில் தட்டச்சு செய்வதில்லை. அதற்குப் பதிலாக, கதவு சாத்திய ஓர் அறையில், கனிவான குரலில் ஒரு வாக்கியம் சொல்லப்படுகிறது: “உடல்நலம்தான் முக்கியம், நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், குழந்தை வளர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.” மகப்பேறு விடுப்பு தொடர்பான தொல்லைகளில் பெரும்பாலானவை இப்படி வாய்மொழியாகவே நடக்கின்றன. இது தற்செயல் அன்று. சட்டத்தின் கை எட்டுவது எழுத்தைத்தான் என்பதை நிர்வாகங்கள் நன்கறிந்திருக்கின்றன.

ஏன் ராஜினாமா?

1961ஆம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டம் தந்த உரிமைகள், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் தனி அத்தியாயமாக இடம்பெற்றுள்ளன. எதிர்பார்க்கப்படும் பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள்கள் பணியாற்றிய பெண்ணுக்கு, ஊதியத்துடன் 26 வாரங்கள் விடுப்பு உண்டு. அதில் அதிகபட்சம் 8 வாரங்களைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் விடுப்பு 12 வாரங்கள்.

பணிப் பாதுகாப்பைப் பொறுத்தவரை சட்டம் இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்கிறது. விடுப்பில் இருக்கும் பெண்ணைப் பணிநீக்கம் செய்வதும், விடுப்புக்குள் முடியும்படி முன்னறிவிப்புக் கொடுப்பதும், அவருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றுவதும் சட்டவிரோதம். விடுப்பு தொடங்கும் முன்பே, கருவுற்ற காலத்தில் ஒருவரை நீக்கினால், அதனாலேயே அவருக்குரிய மகப்பேறு பலன் இல்லாமல் போய்விடாது. கடுமையான ஒழுங்கீனம் என்று எழுத்துபூர்வமான ஆணையின் மூலம் சொன்னால் மட்டுமே அதைப் பறிக்க முடியும்.

இந்த இரண்டு பாதுகாப்புகளும் ‘நிர்வாகம் நீக்கியது’ என்பதை அடிப்படையாகக் கொண்டவை. ‘அவரே விலகினார்’ என்று ஒரு தாள் சொல்லிவிட்டால் இரண்டும் வழக்காடித்தான் மீட்க வேண்டியவையாகிவிடுகின்றன. ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்ற இரண்டு சொற்களுக்கு நிர்வாகம் இவ்வளவு ஆசைப்படுவது இதனால்தான். ஆகவே, எழுதிக் கொடுக்கச் சொல்லப்படும் பெண் எழுதத்தான் வேண்டும். ஆனால், அவர்கள் கேட்கும் கடிதத்தை அன்று.

ஓர் எடுத்துக்காட்டு

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றும் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 20 அன்று பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறது. மேலாளரிடம் மார்ச் மாதமே வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். இங்கேதான் முதல் தவறு நிகழ்கிறது. ‘எங்களுக்குத் தெரியவே தெரியாது’ என்று நிர்வாகம் பின்னர் சொல்ல இது இடம்கொடுக்கும். எனவே, ஜூன் 1 அன்று மருத்துவரின் சான்றிதழை இணைத்து மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். ஜூலை 26 முதல் ஜனவரி 23 வரை 26 வாரங்கள் விடுப்பு எடுக்கப்போவதாகவும், அக்காலத்தில் வேறெங்கும் பணிபுரியப் போவதில்லை என்றும், பலன்தொகையைத் தன் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்றும் அதில் குறிப்பிடுகிறார். சட்டம் எதிர்பார்க்கும் அறிவிப்பு இவ்வளவுதான். இது சலுகை கேட்கும் விண்ணப்பம் அன்று. ‘தயைகூர்ந்து அனுமதிக்குமாறு’ என்ற சொற்கள் இதில் தேவையில்லை.

இரண்டு நாள்கள் கழித்து அவர் அழைக்கப்படுகிறார். ஆறு மாதம் ஆள் இல்லாமல் பிரிவை நடத்த முடியாது என்றும், விலகிவிட்டால் நல்ல அனுபவச் சான்றிதழ் கிடைக்கும் என்றும், இல்லையேல் பணித்திறன் மதிப்பீட்டில் சிக்கல் வரும் என்றும் சொல்லப்படுகிறது. வெளியே வந்தவர் செய்ய வேண்டியது, அன்று மாலைக்குள் அந்த உரையாடலை எழுத்தாக்கி அதே நபருக்கே அனுப்புவது. கடிதம் இப்படி இருக்கலாம்:

“இன்று (ஜூன் 3) காலை 11.30 மணிக்குத் தங்கள் அறையில், கணக்குப் பிரிவு மேலாளரும் உடனிருக்க நடந்த உரையாடல் குறித்து இதை எழுதுகிறேன். ஜூன் 1 அன்று நான் அனுப்பிய மகப்பேறு விடுப்பு அறிவிப்பைக் குறிப்பிட்டு, நான் ராஜினாமா செய்வது நல்லது என்று கூறினீர்கள். செய்யாவிட்டால் மதிப்பீட்டில் சிக்கல் வரும் என்றும் கூறினீர்கள். நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை. அறிவித்தபடி ஜூலை 26 முதல் விடுப்பில் சென்று ஜனவரி 24 அன்று பணிக்குத் திரும்புவேன். கடந்த மார்ச் மாத மதிப்பீட்டில் என் பணி குறித்துக் குறை எதுவும் தெரிவிக்கப்படவில்லை. உரையாடலை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும். விடுப்பு அறிவிப்பைப் பெற்றுக்கொண்டதை ஜூன் 10க்குள் உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இக்கடிதத்தில் ‘சித்திரவதை’, ‘கொடுமை’, ‘மனிதாபிமானமற்ற’ என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. நாள், நேரம், இடம், உடனிருந்தவர், சொல்லப்பட்ட சொற்கள் ஆகியவை மட்டுமே உள்ளன. உணர்ச்சிச் சொற்களை நிர்வாகம் ‘மிகைப்படுத்துகிறார்’ என்று எளிதில் ஒதுக்கிவிடும். ‘காலை 11.30 மணிக்கு இப்படிச் சொன்னீர்கள்’ என்பதை ஒதுக்க வேண்டுமானால் மறுத்து எழுத வேண்டும். மறுத்து எழுதினால், ராஜினாமா கேட்கவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். மறுக்காமல் விட்டால், உடனுக்குடன் எழுதப்பட்ட, எதிர்ப்பு வராத ஒரு பதிவு கோப்பில் தங்கிவிடும். எப்படியாயினும் அந்தப் பெண்ணுக்கு இழப்பில்லை.

மதிப்பீட்டைப் பற்றிய வாக்கியமும் வீணாகச் சேர்க்கப்பட்டதன்று. விடுப்பை அறிவித்த பின்பு திடீரெனத் திறன் குறைபாடு கண்டுபிடிக்கப்படுவது வழக்கமான அடுத்த கட்டம். அறிவிப்புக்கு முந்தைய மதிப்பீடு என்ன சொன்னது, பிந்தையது என்ன சொல்கிறது என்ற கால வரிசையே உள்நோக்கத்தைக் காட்டும் வலுவான சான்று. முந்தைய மதிப்பீட்டில் உண்மையிலேயே குறை கூறப்பட்டிருந்தால் அவ்வாக்கியத்தைச் சேர்க்கக் கூடாது. ஒரு பொய் முழுக் கடிதத்தையும் கெடுத்துவிடும்.

பதிவு எங்கே இருக்கிறது?

ஜூன் 10 வந்தும் பதில் இல்லை. அவர் கையாண்டுவந்த கணக்குகள் மட்டும் இன்னொருவருக்கு மாற்றப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கடிதம் இந்த மாற்றத்தை மட்டுமே சொல்ல வேண்டும்: எந்த நாளில், யார் ஆணையால், எந்தப் பணிகள் எடுக்கப்பட்டன, காரணம் கூறப்பட்டதா என்பவை போதும். பழைய கதை முழுவதையும் திரும்ப எழுதத் தேவையில்லை. முந்தைய இரண்டு மின்னஞ்சல்களின் தேதியைக் குறிப்பிட்டால் போதுமானது.

பலர் தவறுவது கடிதத்தில் அல்ல, அதைப் பாதுகாப்பதில். நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கு ஒரே நாளில் முடக்கப்படலாம். எனவே, தன் விடுப்பு தொடர்பான ஒவ்வொரு கடிதத்தின் படியும் சொந்த மின்னஞ்சலுக்குச் செல்ல வேண்டும். அதேவேளையில், நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களையோ கணக்குக் கோப்புகளையோ உடன் அனுப்பிவிடக் கூடாது. நிர்வாகம் தேடும் ‘ஒழுங்கீனம்’ அதிலேயே கிடைத்துவிடும். மின்னஞ்சல் வழக்கமில்லாத இடங்களில் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் சேர்க்கப்பட்டதற்கான சான்றையும் வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளைப் படம் எடுத்துவைத்தால் மட்டும் போதாது. மூலச் செய்தியும் அது வந்த கைபேசியும் அழியாமல் இருக்க வேண்டும்.

அழுத்தம் தாங்காமல் ராஜினாமாவில் கையெழுத்திட்டுவிட்டால்? அது நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன் பொதுவாகத் திரும்பப் பெறலாம். எந்தச் சூழலில் கையெழுத்து வாங்கப்பட்டது என்பதைக் குறிப்பிட்டு அன்றே, முடியாவிட்டால் மறுநாளே எழுத வேண்டும். ஒவ்வொரு நாள் தாமதமும் ‘விரும்பியே விலகினார்’ என்ற வாதத்துக்கு வலு சேர்க்கும்.

பிரசவத்துக்குப் பின்

குழந்தை பிறந்த பின் தொல்லையின் உருவம் மாறுகிறது. விடுப்பு நாள்களில் ‘ஒரே ஒரு கோப்புதான்’ என்று வேலை அனுப்பப்படுகிறது. திரும்பும்போது பழைய இருக்கை இருப்பதில்லை. ஒப்பந்த ஊழியர் என்றால், ‘ஒப்பந்தம் முடிந்துவிட்டது, பலனும் முடிந்துவிட்டது’ என்கிறார்கள். இக்கடைசி வாதத்தை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் நிராகரித்தது. டெல்லி அரசு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்த முறையில் பணியாற்றிய மருத்துவரின் வழக்கில், ஒப்பந்தக் காலத்தைக் கடந்தும் மகப்பேறு பலன் வழங்கப்பட வேண்டும் என்று அது தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்தாக வேண்டும் என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பணிநீக்க ஆணை வந்துவிட்டால், அது தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்களில் பணிபுரிவோர் முதலில் அணுகவேண்டிய இடம், மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம். தொழிற்சாலை ஊழியர்களுக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். இஎஸ்ஐ திட்டத்தில் உள்ளவர்களுக்குப் பலன்தொகையை வழங்குவது அந்தக் கழகம். ஆனாலும், அக்காலத்தில் அவர்களை வேலையிலிருந்து நீக்க நிர்வாகத்துக்கு உரிமை இல்லை. உடலைப் பற்றிய பாலியல் தன்மையுள்ள பேச்சு கலந்திருந்தால் அது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும். அதற்கான புகாரைப் பொதுவாக மூன்று மாதங்களுக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் தனியாகத் தர வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது

சட்டத்தின் குறை ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. பணிநீக்கத்தைத் தடுக்கும் சட்டம், ராஜினாமாவுக்குத் தள்ளும் பேச்சைக் குற்றமாக வரையறுக்கவில்லை. ஆகவேதான், கருவுற்ற பெண் தன் வழக்குக்கான சான்றைத் தானே, அதுவும் அதே நாளில் உருவாக்க வேண்டியிருக்கிறது. இத்தாலியில் கருவுற்ற காலத்திலும், குழந்தைக்கு மூன்று வயது ஆகும்வரையிலும் பெற்றோர் தரும் ராஜினாமாவைத் தொழிலாளர் ஆய்வுத் துறை உறுதிசெய்தால்தான் செல்லும். ஓர் அதிகாரி அவரை அழைத்து, ‘இது உங்கள் விருப்பம்தானா?’ என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு இங்கும் சட்டத்தில் இடம் தரப்பட வேண்டும். அதுவரை, அந்த அறையிலிருந்து வெளியே வந்த மாலையில் எழுதப்படும் பத்து வரிக் கடிதம்தான் அவருக்கு இருக்கும் காப்பு.