போன்ல எல்லாம் இருக்கு!

செலவுக் கணக்கு எழுதுங்கள் என்றால் எங்கள் தெருவில் ஒரே பதில்தான்: "போன்லதான் எல்லாம் இருக்கே சார்!" இருக்கிறது, யாருக்குப் போனது என்று. எதற்குப் போனது என்பது எங்கே இருக்கிறது? மளிகைக்கடைக்கு 840 என்று போன் காட்டும். அதில் வீட்டுக்குத் துவரம்பருப்பு எவ்வளவு, நடவு ஆட்களுக்கு வாங்கிய டீத்தூள், சர்க்கரை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஏ.டி.எம்.மில் எடுத்த மூவாயிரத்துக்கு ஒரே வரி. அதற்குப் பிறகு நடந்த எதற்கும் அது சாட்சி இல்லை.

இன்னொரு கட்சி, பெரிய நோட்டு வாங்கிப் பன்னிரண்டு பத்தி கோடு போடுகிறவர்கள். நாலாம் நாள் அந்த நோட்டு பரணுக்குப் போய்விடும்.

எனக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. சட்டைப்பை அளவு நோட்டு ஒன்று, அதன்மேல் ராத்திரி பிரஷர் மாத்திரை அட்டை. அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கலாம். மாத்திரையை எடுக்காமல் முடியாது. தொகை, பக்கத்தில் ஒரே சொல்: காய், ஆட்டோ, வரப்புக்கூலி. போனில் கொடுத்ததற்கு மட்டும் 'போ' என்று ஓர் எழுத்து. நினைவுக்கு வராததற்காக உட்கார்ந்து யோசிப்பது கிடையாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை.

போன வாரத்தையே சொல்கிறேன். முந்தின ஞாயிறு பர்சில் 450. புதன்கிழமை எடுத்தது 3000. இந்த ஞாயிறு மீதி 720. ஆக, கையை விட்டுப் போனது 2730. நோட்டில் 'போ' போடாதவற்றைக் கூட்டினால் வீடு 1380, வயல் 700, கைமாற்று 500, மொத்தம் 2580. இடிக்கிறது 150. வியாழக்கிழமைப் பக்கம் காலி. கும்பகோணம் கல்யாணத்துக்குப் போய் அலுப்பில் படுத்த ராத்திரி அது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த ஆட்டோ! ஒரு மாதம் கழித்துப் பார்த்திருந்தால் அந்த 150 அகப்பட்டிருக்காது.

கைமாற்றைச் செலவில் சேர்க்காதீர்கள். அது திரும்பி வரவேண்டிய பணம். நான் அதை வட்டம் போட்டு, வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த பக்கத்தில் ஏற்றி எழுதுகிறேன். கேட்பதற்குக் கூச்சம் இருக்கலாம், மறதி இருக்கக்கூடாது.

இது புதுசும் இல்லை. லண்டனில் படித்தபோது பஸ் கட்டணம், தபால் செலவு வரை எழுதி, தினம் படுக்கும்முன் இருப்பைச் சரிபார்த்ததாகக் காந்தி சத்திய சோதனையில் சொல்கிறார். நம் மண்டிக் கணக்கப்பிள்ளைகளும் நாள்வழியில் இருப்புக் கட்டிவிட்டுத்தான் எழுந்தார்கள்.

எனக்குக் கோபம் வருவது அறுவடை முடிந்த பிறகுதான். "மாவுக்கு எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்டால் உழவு, உரம், அறுப்பு மெஷின் வாடகை மூன்றையும் கடகடவென்று சொல்கிறார்கள். அந்த 700-இல் ஆட்களுக்கு டீ, வடை மட்டும் 100. ஒரு போகத்தில் எத்தனை ஆள் நாள்! கொள்முதல் விலை கட்டவில்லை என்று பேச வருகிறவர்கள் அந்த நூறுகளை எந்த நோட்டில் எழுதியிருக்கிறார்கள்?