பின்வாங்கிலிருந்தும் வாசிக்க

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ல் எரியுண்டது. இன்று ஈழத்துப் பழைய நூல்களைத் தேடும் மாணவர் பெரும்பாலும் நாடுவது 2005-ல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தையே. அங்கே நூல்கள் பி.டி.எவ். கோப்புகளாகக் கிடைக்கின்றன. அவற்றின் பக்கங்களைப் படங்களாக்கி வகுப்பறைத் திரையில் காட்ட விரும்புவோர்க்கே இவ்வார விளக்கம்.

எழுத்தையே பிரதி செய்து ஒட்டலாகாதா என வாசகர் வினவலாம். ஸ்கான் செய்த பக்கம் வெறும் படமாதலின் அதில் பிரதி செய்ய எழுத்தில்லை. பாமினி எழுத்துருவில் அச்சுக் கோத்த நூலிலோ, ஒட்டியதும் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பையே வந்து விழும். ஆகவே படமே தகும்.

திரையில் தெரிவதை அப்படியே படம் பிடிப்போர் பலர். அப்படம் முன்வாங்குக்குத் தெளிவாயிருக்கும், பின்வாங்குக்கு மங்கிவிடும். அதனினும் நன்று, பொப்ளர் என்னும் இலவசக் கருவித் தொகுதி. முதலில் கோப்பைச் சோதிப்போம்:

```
pdfimages -list nool.pdf
```

விடையில் `x-ppi` என்ற நிரலைப் பார்க்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகளாக அப்பக்கம் ஸ்கான் செய்யப்பட்டது என்பதை அது கூறும். 300 எனக் கண்டால் அதே எண்ணை இட்டு எல்லாப் பக்கங்களையும் பெறலாம்:

```
pdftoppm -r 300 -png nool.pdf pakkam
```

பக்கத்துக்கொரு படமாக, வரிசையெண்ணோடு அவை வந்து சேரும். எண்ணை இடாவிடின் கருவி தானாக 150-ஐ எடுத்துக்கொள்ளும். பாதித் தெளிவு அங்கேயே போய்விடும்.

ஆறு அங்குல அகலமுள்ள நூலொன்றை எடுத்துக்கொள்வோம். 300 வீதம் அது 1800 புள்ளி அகலமாகும். வகுப்பறைத் திரை 1920 புள்ளி அகலமாயின், ஒரு பந்தியை முழு அகலத்துக்கு விரித்தாலும் எழுத்துச் சிதையாது. ஸ்கானே 150 எனின் 900 புள்ளிகளே உள; விரித்தால் மெய்யெழுத்தின் புள்ளியும் கொம்பும் ஒன்றாய்க் கலங்கும். அந்நிலையில் `-r 600` என இடுவோர் உளர். கோப்புப் பருக்குமேயன்றி ஸ்கானில் இல்லாத கூர்மை வராது. மூலநூல் கைக்கெட்டின் மீண்டும் ஸ்கான் செய்யலாம். இன்றேல் பக்கத்தைச் சிறிதாகக் காட்டி, வேண்டிய பந்தியை அருகே தட்டச்சிடுவதே முறை.

கணினியிலேயே கோத்து ஆக்கிய கோப்பாயின் அதன் எழுத்துகள் கோட்டுருவங்கள். அங்கே 300 என்ன, 400 என்ன, கேட்ட அளவு கூர்மை கிட்டும். அப்பக்கங்களில் மேற்படி சோதனை படங்களையன்றி எழுத்தைக் காட்டாது.

இத்தனையும் செய்தபின் பவர்பொயின்ற் தானே படங்களைச் சுருக்கிவிடுவதுண்டு. படங்களைச் செருகுமுன் அதன் விருப்பங்களில் உயர்நிலைப் பிரிவுக்குச் சென்று, `Do not compress images in file` என்பதைத் தெரிந்துவிடுக.