முதலில் அழுதது யார்?

பால்வாடியில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிஷம் மொத்தக் கூட்டமும் அழும். எக்ஸெலும் அதே ஜாதி. ஒரு கட்டத்தில் பிழை வந்துவிட்டால், அதை எடுத்துக் கணக்குப் போடுகிற கட்டமெல்லாம் அதே பிழையைக் காட்டும். முதலில் அழுதது யார் என்பதுதான் கேள்வி. ஃபைல் கையில் இருந்தால் கவலையில்லை, Trace Error என்று ஒரு வசதி இருக்கிறது, அம்பு போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். நமக்கு வருவதோ வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன் ஷாட்!

பாகூர் பக்கம் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதும் நண்பன் அறுவடை சமயத்தில் அப்படி ஒன்று அனுப்பினான். கூடவே போன்.

"மச்சான், சாயங்காலம் பட்டுவாடா. நாப்பது பேருக்குப் பணம் குடுக்கணும். எங்க பாத்தாலும் #VALUE!னு வருது. இருபத்தெட்டு இடம்டா!"

படத்தில் 2-வது வரிசை முதல் 41 வரை நாற்பது விவசாயிகள். B-யில் மூட்டை, C-யில் விலை, D-யில் இரண்டையும் பெருக்கிய தொகை. E-யில் அதுவரை சேர்ந்த மொத்தம். E43 கமிஷன், E44 மீதி. அவன் E44-ஐக் கிளிக் செய்துவிட்டுப் படம் எடுத்திருந்ததால், மேலே ஃபார்முலா பட்டையில் தெரிந்தது இது மட்டும்தான்:

```
=E41-E43
```

மற்றதையெல்லாம் அவனிடம் வாய்வழியாகக் கேட்டுக்கொண்டேன். E17-ல் `=E16+D17`, D17-ல் `=B17*C17`. மற்ற வரிசைகளும் அதே அச்சு.

பிழை காட்டும் கட்டத்தைப் பிடித்து, அது யாரிடமிருந்து வாங்குகிறது என்று பின்னாலேயே போக வேண்டும். E44, E41-இடம் வாங்குகிறது. E41, E40-இடம். இப்படி ஏறினால் E17 வரை அழுகைதான். E16-ல் நல்ல எண் இருந்தது. ஆக E17-க்கு நோய் வந்தது பக்கத்து D17-இலிருந்து. D17 வாங்குவது B17, C17 இரண்டிடமும்; அவற்றில் பிழைக் குறி இல்லை. வாங்குகிற இடமெல்லாம் சுத்தம், தான் மட்டும் பிழை என்று நிற்கிற கட்டம்தான் ஆரம்பம். D17. மற்ற இருபத்தேழும் சும்மா கூட அழுதவை.

ஆனால் D17 ஏன் அழுதது? C17-ல் விலை ஒழுங்காக இருந்தது. B17 காலி.

"காலியா இருந்தா பிழை வருமாடா?" என்றான். வராது. அதற்குச் சாட்சி படத்திலேயே இருந்தது. 23-வது வரிசையிலும் மூட்டை காலி, ஆனால் D23-ல் சமர்த்தாக 0. நிஜக் காலியை எக்ஸெல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அப்படியானால் B17 காலி மாதிரி நடிக்கிறது.

"மூட்டை மொத்தம் சரியாத்தானே வருது?" என்று மடக்கினான். மொத்தம் போட்டது SUM. அது வரிசையில் எழுத்து இருந்தால் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். பெருக்கல் குறி அப்படிப் போகாது. அதனால் SUM நன்றாக வருவதை வைத்து B-க்கு நற்சான்றிதழ் தரக்கூடாது.

ஓரமாக ஒரு காலிக் கட்டத்தில் `=LEN(B17)` அடிக்கச் சொன்னேன். 1 என்று வந்தது. யாரோ எண்ணை அழிக்க Delete-க்குப் பதில் ஸ்பேஸ் பாரைத் தட்டியிருக்கிறார்கள். ஒரு இடைவெளி உள்ளே உட்கார்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, எக்ஸெலுக்கு அது எழுத்து.

"டெலீட் பண்ணிடறேன்."

"இரு. எடைச் சீட்டைப் பாரு."

பார்த்தான். அந்த விவசாயி கொண்டுவந்தது 18 மூட்டை. தப்பான எண்ணை அழித்தவர்கள் சரியான எண்ணை எழுத மறந்திருக்கிறார்கள். வெறுமனே டெலீட் செய்திருந்தால் இருபத்தெட்டும் ஒழுங்காகியிருக்கும், அந்த மனுஷனுக்கு மட்டும் 0 ரூபாய். D-யில் IFERROR போட்டுப் பூஜ்யமாக்கி வைக்கும் புத்திசாலிகளிடமும் இதே கதிதான்.

சத்தம் போடாத பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2010-ல் எழுதிய கட்டுரை போதும். அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றியது, உலகம் பூரா மேற்கோள் காட்டினார்கள். சராசரி ஃபார்முலா L49 வரை போகவேண்டியது, L44-லேயே நின்றுவிட்டது. ஐந்து நாடுகள் விட்டுப்போயின. எங்கும் # குறி இல்லாததால், தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்த ஃபைலை வாங்கிப் பார்த்த பிறகு, 2013-ல்தான் வெளியே வந்தது.

படத்தை வைத்துத் தேடுவதற்கு எல்லை உண்டு. இடப்பக்க வரிசை எண் 12-க்கு அடுத்து 15 என்று தாவினால் நடுவில் எதையோ மறைத்திருக்கிறார்கள். ஃபார்முலாவில் `Sheet2!B5` மாதிரி ஏதாவது தெரிந்தால் ஆரம்பம் வேறு தாளில் இருக்கலாம். அப்போது ஊகிக்காமல் இன்னொரு படம் கேளுங்கள்: Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு, 1-க்கு இடப்பக்கம் இருக்கும் ` விசையைத் தட்டச் சொன்னால், எண்களுக்குப் பதில் ஃபார்முலாக்கள் தெரியும். அதைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பழையபடி ஆக, அதையே மறுபடி தட்டினால் போதும்.